அவசரம் ஒன்றுமில்லை என்றாள் ராத்தா

கற்பிட்டிப் பக்கத்துக் கிராமங்களில் என்னை 'ஆப் டீச்சர்' என்பார்கள். நான் டீச்சர் இல்லை. ஒரு நிதி நிறுவனத்தின் கைபேசிச் செயலியை ஊர் ஊராகப் போய் விளக்கிச் சொல்வது என் வேலை. மத்ரஸா மண்டபத்திலும், மாதர் சங்கக் கட்டடத்திலும், சில இடங்களில் யாராவது ஒருவரின் வீட்டு முன்றலிலும் பாய் விரித்துக் கூட்டம் நடக்கும். பெண்கள் கைபேசியையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வந்து உட்காருவார்கள்.

செயலியில் மூன்று பகுதிகள். முதலாவது பணம் அனுப்பவும், கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் கட்டத்தைப் படம் பிடித்துக் காசு கட்டவும், கரண்ட் பில் கட்டவும் உள்ள பகுதி. அதில் கிடக்கும் பணம் கிடந்தபடியே கிடக்கும், வளராது. இரண்டாவது சேமிப்பு. வட்டி இல்லாமல், வருகிற இலாபத்தை முன்கூட்டியே பேசிக்கொண்ட விகிதத்தில் பங்கு பிரிக்கும் முறை. மூன்றாவது நிதியம். பலரின் பணத்தை ஒன்றாகச் சேர்த்து, மார்க்கத்துக்குப் பிழையில்லாத கம்பனிப் பங்குகளில் போடுவார்கள். நம் பணத்துக்கு அலகுகள் கிடைக்கும். ஒவ்வொரு வேலை நாளும் ஓர் அலகின் விலை மாறும்.

மூன்றாவது பகுதியைத் திறக்கும் முன்னர் நான் சில வசனங்களைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். அலகின் விலை ஏறவும் கூடும், இறங்கவும் கூடும். போட்ட தொகையை விடக் குறைவாகவும் திரும்பக் கிடைக்கலாம். முன்பு கிடைத்த இலாபம் இனியும் கிடைக்கும் என்பதற்கு அத்தாட்சி இல்லை. இது வங்கி வைப்பு அல்ல; வைப்புக்கு உள்ள காப்புறுதி இதற்கு இல்லை. கேட்பவர்கள் கொட்டாவி விட்டாலும் வாசிக்க வேண்டும். வாசித்து முடிந்ததும் அவரவர் தங்கள் விரலால் தான் சம்மதம் என்ற கட்டத்தைத் தொட வேண்டும். அவர்களுக்காக நான் தொடக்கூடாது. "எவ்வளவு வரும்?" என்று கேட்டால் ஒரு தொகையும் சொல்லக்கூடாது. இதற்கெல்லாம் பரீட்சை எழுதிப் பதிவு பெற்ற பிறகுதான் என்னைக் கூட்டங்களுக்கு அனுப்பினார்கள்.

எத்தாளையில் நடந்த ஒரு கூட்டத்துக்கு, கூடப் பிறந்த மூத்தவளான என் ராத்தாவும் வந்திருந்தாள்.

எனக்கு உம்மா, வாப்பா எல்லாம் ராத்தாதான். போர்க்காலத்தில், தொண்ணூறாம் ஆண்டு, மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களை வெளியேற்றியபோது நான் கைக்குழந்தை. படகில் கற்பிட்டிக்கு வந்து இறங்கும்வரை என்னை மடியில் வைத்திருந்தவள் ராத்தா என்று சொல்வார்கள். அப்போது அவளே சின்னப் பிள்ளை. அடுத்த வருஷம் முகாமில் காய்ச்சலில் உம்மா மவுத்தாகிவிட்டா. வாப்பா இன்னும் சில காலம் இருந்தார். அதன் பிறகு எனக்கு அண்ணனான நானாவையும் என்னையும் வளர்த்தது ராத்தா. நானா கலியாணம் முடித்துப் புத்தளத்துக்குப் போய்விட்டார். எனக்கும் கலியாணம் முடித்து வைத்தாள். அவள் முடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால், "எனக்கு எங்க நேரம் கிடைச்ச?" என்று சிரிப்பாள்.

எத்தாளைக் கரையில் அவள் கருவாடு போட்டாள். மீனைக் கீறி, கழுவி, உப்புப் போட்டு, வெயிலில் பரப்பி, மழை இருட்டினால் ஓடிப்போய் மூடி, அப்படியே அவளுடைய காலம் போயிற்று. உப்பில் ஊறி ஊறி விரல் நுனிகளில் ரேகையே தேய்ந்து போயிருந்தது. பிறகு செயலியில் கைரேகை வைத்துத் திறக்கப் பார்த்தபோது, கைபேசி அவளை அடையாளம் கண்டுகொள்ளவே இல்லை. "நான் ஆளே இல்லாத ஆளாகிட்டன் போல" என்றாள். கடைசியில் இரகசிய இலக்கம் தான் வைத்தோம்.

அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. மக்காவுக்கு உம்ரா யாத்திரை போக வேண்டும். வேறு ஆசைகளை அவள் சொல்லிக் கேட்டதில்லை. பல வருஷம் சிறுகச் சிறுகச் சேர்த்து, இன்னும் கொஞ்சம் தான் என்று இருந்தபோது, நாட்டில் ரூபாயின் பெறுமதி விழுந்தது. உம்ராவுக்கு ஆட்களைக் கூட்டிப்போகிறவர்கள் கேட்ட தொகை ஒரேயடியாக ஏறிப்போனது. சேர்த்த பணம் குறையவில்லை. ஆனால் மக்கா தூரமாகிவிட்டது.

அதனால் தான் அன்று கூட்டத்துக்கு வந்தாள். முன்வரிசையில், முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள். நான் எல்லாவற்றையும் சொல்லி, வாசிக்க வேண்டியதையும் வாசித்து முடித்ததும் கையை உயர்த்தினாள்.

"நான் இதுல போட்டா உம்ராவுக்குக் காணுற அளவுக்கு எப்ப வரும்?"

பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவள் என் ராத்தா என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"அது சொல்ல ஏலாது ராத்தா."

"ஒரு மட்டத்துக்குச் சொல்லு."

"ஒரு மட்டத்துக்கும் சொல்ல ஏலாது. ஏறவும் ஏலும், இறங்கவும் ஏலும். போட்டதே குறையவும் ஏலும்."

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். ராத்தாவின் முகம் சிவந்துவிட்டது.

அன்று பின்னேரம் என் வீட்டுக்கு வந்து, குசினிக் கதவில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"அங்க ஆக்கள் இருந்தாங்க, சரி. இப்ப ஒருத்தருமில்ல. எனக்கிட்ட மட்டும் சொல்லு."

"ராத்தா, எனக்கே தெரியாது. தெரிஞ்சிக்கிட்டு மறைக்கல்ல. சத்தியமா ஒருத்தருக்கும் தெரியாது."

அவள் என்னைக் கூர்ந்து பார்த்தாள். நான் சின்ன வயதில் பொய் சொன்னால் பார்க்கிற பார்வை. பிறகு, "சரி, நீ பொய் சொல்லல்ல" என்றாள்.

ஒரு வருஷத்துக்குள் தேவைப்படும் பணத்தை நிதியத்தில் போடாமல் இருப்பது நல்லது, சேமிப்பில் போட்டால் இலாபம் கொஞ்சமாக இருந்தாலும் இப்படி ஏறி இறங்காது என்று சொன்னேன். இரண்டிலும் பாதி பாதி போடலாம் என்றும் சொன்னேன். அவள் யோசித்தாள். சேமிப்பில் வரும் இலாபம் உம்ராச் செலவின் பின்னால் ஓடிப் பிடிக்காது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. மீன் வியாபாரத்தில் இருந்தவள். விலை ஏறி இறங்குவது அவளுக்குப் புதிதில்லை.

கணக்குத் திறக்கும்போது செயலி சில கேள்விகள் கேட்கும். இந்தப் பணம் உங்களுக்கு எப்போது தேவைப்படும்? திடீரென்று குறைந்தால் என்ன செய்வீர்கள்? குடும்பத்தாருக்கு நானே செய்து கொடுக்கக் கூடாது என்பதால், கற்பிட்டிக் கிளையில் என்னோடு வேலை செய்கிற பெண் அவளோடு உட்கார்ந்து அந்தக் கேள்விகளை வாசித்தாள். நான் சற்றுத் தள்ளி நின்றேன்.

"எப்ப தேவைப்படும்?"

"அவசரம் ஒண்டுமில்ல. அல்லாஹ் கூப்பிடுற நேரம் போறது தானே. நாலஞ்சு வருஷம் போனாலும் சரி."

அப்போது அவள் சொன்னது உண்மை. முழுவதையும் நிதியத்தில் போட்டாள். 'உங்களுக்குப் பின் யாருக்கு' என்ற இடத்தில் என் பெயரைக் கொடுத்தாள்.

அவள் இலகுவில் பழகிக்கொண்டாள். கொழும்பிலிருந்து கருவாடு வாங்குகிறவர்கள் கைபேசியிலேயே காசு அனுப்பத் தொடங்கினார்கள். அதில் ஒரு பகுதியை ஒவ்வொரு மாதமும் நிதியத்துக்கு மாற்றினாள். பின்னேரங்களில் கருவாட்டைக் கூட்டி மூடிவிட்டு, கைகளைத் துடைத்துக்கொண்டு, அன்றைய பெறுமதியைப் பார்ப்பாள். இரகசிய இலக்கத்தை அழுத்தும்போது கைபேசியை நெஞ்சோடு அணைத்து மறைப்பாள். எனக்கும் காட்டமாட்டாள்.

"நீதானே சொன்ன, உனக்கும் சொல்லப்படா எண்டு."

"ஓம் ராத்தா. அப்பிடித்தான்."

முதல் வருஷம் ஏறிக்கொண்டே போனது. அவள் சந்தோஷப்பட்டதை நான் கண்ணால் கண்டேன். எங்கள் பக்கத்து வீட்டுக்காரியும் அவளுடைய புருஷனும் இரண்டொரு வருஷத்தில் இன்னொரு தரம் உம்ராவுக்குப் போவதாக இருந்தார்கள். ராத்தா அவர்களோடு சேர்ந்து போகலாம் என்று கதைக்கத் தொடங்கினாள். அந்தக் குழுவை நடத்துபவரிடம் ஒரு தரம் போய் விசாரித்தும் வந்தாள். வெள்ளைத் துணி வாங்கி, பெரிய அங்கி ஒன்று தைக்கக் கொடுத்தாள். ஏறும்போதும் நான் அந்த வசனங்களைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். "தெரியும் தெரியும், இறங்கவும் ஏலும்" என்று என்னைப் போலவே சொல்லிப் பகிடி பண்ணுவாள்.

பிறகு இறங்கியது.

கொழும்புப் பங்குச் சந்தை விழுந்த காலம் அது. நாளுக்கு நாள் குறைந்தது. ஏறிய இலாபம் முழுவதும் போய், போட்ட முதலிலும் கொஞ்சம் கரைந்தது. கைபேசித் திரையில் பச்சையாக இருந்த எழுத்து சிவப்பாக மாறியது. எல்லா ஊர்களிலிருந்தும் பெண்கள் எனக்குக் கோல் எடுத்தார்கள். நான் ஒவ்வொருவருக்கும் விளக்கினேன். சிலர் ஏசினார்கள். ராத்தா ஏசவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த நேரம், அவள் வீட்டுக்கு வந்தாள். சோறு போட்டுக் கொடுத்தேன். கொஞ்சம் பிசைந்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

"புள்ள, இப்ப எடுக்கிறதெண்டா எப்பிடி எடுக்கிற?"

"அதுலயே 'மீளப் பெறு' எண்டு இருக்கு. எவ்வளவு வேணுமெண்டு போட்டு அழுத்தினாச் சரி. ரெண்டு மூண்டு வேலை நாளுக்குள்ள உங்கட பேங்க் கணக்குக்கு வந்திடும். முழுக்க எடுக்கோணும் எண்டில்ல, கொஞ்சமும் எடுக்கலாம்."

"எடுத்தா இப்ப காட்டுறதுதான் வருமா?"

"எடுக்கிற நாளைக்கு என்ன விலையோ அதுதான். கூடலாம், குறையலாம்."

"பொறுத்தா திரும்ப ஏறுமா?"

"ஏறலாம். இன்னும் இறங்கவும் ஏலும். சொல்ல ஏலாது ராத்தா."

"நீ எண்டா என்ன செய்வாய்?"

இந்தக் கேள்விக்கு என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். பதில் சொல்லக்கூடாது. பணம் எதற்காக, எப்போது வேண்டும் என்று கேட்க வேண்டும். அவசரத் தேவை என்றால் விலை குறைந்திருந்தாலும் எடுத்துவிடச் சொல்லலாம். அவசரமில்லை என்றால் பொறுப்பதா எடுப்பதா என்பது அவர்களுடைய தீர்மானம். அந்தக் கேள்வி நல்ல கேள்வி. இன்றைக்கும் அது நல்ல கேள்வி என்றுதான் நினைக்கிறேன்.

"அது எதுக்குத் தேவை எண்டதைப் பொறுத்தது ராத்தா. என்ன, சல்லிக்கு ஏதும் அவசரமா?"

அவள் சோற்றுக் கோப்பையைப் பார்த்தாள். சோற்றை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"அவசரம் ஒண்டுமில்ல."

"ஏதும் இருந்தாச் சொல்லுங்க. எங்கட வீட்டுல கொஞ்சம் இருக்கு."

"சீ, ஒண்டுமில்ல. சும்மா தான் கேட்டன். நீங்க ஓட்டோக் கடன் கட்டுற ஆக்கள், உங்களுக்கிட்ட என்ன இருக்கு?" என்று சிரித்தாள். "அப்ப பொறுப்பம். குறைஞ்சு கிடக்கிற நேரம் எடுத்து நட்டப்படுறதுக்கு எனக்கென்ன விசரா?"

கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டாள். வேலிப் படலையைத் திறக்க இடது கையை நீட்டினாள். எப்போதும் வலது கைக்காரி. அதைக் கண்டேன், மீன் முள் குத்தியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று அவளுடைய வலது மார்பில் ஒரு கட்டி இருந்தது.

எனக்கு அது தெரியவந்தபோது அடுத்த நோன்பும் வந்து போயிருந்தது. பெருநாளைக்குப் பிறகு கரைக்குப் போனேன். ராத்தா கருவாட்டுக் கூடையைத் தூக்க முடியாமல் தூக்கி, பாதியில் போட்டுவிட்டு அப்படியே மணலில் குந்திவிட்டாள். ஓடிப்போய்ப் பிடித்தேன். என் கை அவளுடைய கக்கத்தில் பட்டது. கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது. அவள் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன ராத்தா இது?"

"கொஞ்ச நாளா இருக்கு. இறங்கிடும் எண்டு பார்த்தன்."

அன்றே என் புருஷனின் ஓட்டோவில் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கிருந்து கொழும்புக்குப் பக்கத்து மஹரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மஹரகமையில் ஒரு சிங்களப் பெண் டாக்டர், மொழிபெயர்ப்பதற்கு என்னையும் உள்ளே வைத்துக்கொண்டு கேட்டார், எவ்வளவு காலமாக இருக்கிறது என்று. ராத்தா என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"போன நோன்புக்கு முந்தியே இருந்திச்சு. புத்தளத்துல ஒரு பிரைவேட் டொக்டருக்கிட்ட காட்டினன். ஸ்கேன் எடுக்கச் சொன்னாரு, கொழும்புக்குப் போகச் சொன்னாரு."

"ஏன் போகவில்லை?"

"சல்லி கொஞ்சம் குறைஞ்சு கிடந்திச்சு. ஏறினோடன எடுத்துக்கிட்டுப் போவமெண்டு இருந்தன்."

இதை நான் சிங்களத்தில் சொல்ல வேண்டும். டாக்டர் காத்துக்கொண்டிருந்தார். 'சல்லி குறைஞ்சு கிடந்திச்சு' என்றால் அவளிடம் பணம் இல்லை என்று டாக்டர் விளங்கிக்கொள்வார். அவளிடம் பணம் இருந்தது. கைபேசியில் இருந்தது. அவளுடைய முந்தானை முடிச்சில் இருப்பதைவிடக் கிட்டத்தில் இருந்தது. சொல்லத் தொடங்கியவள் அழுதுவிட்டேன். டாக்டர் எழும்பி வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார். நோயாளி நான்தான் என்பதுபோல ராத்தா என் முதுகைத் தடவினாள்.

கட்டி ஈரலுக்குப் போயிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமையை அதற்குப் பிறகு நான் எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறேன். நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். அவள் மறைத்தாள். நான் ஒரு தொகையைச் சொல்லியிருந்தால் அது பொய். எடுங்கள் என்று காரணம் இல்லாமல் சொல்லியிருந்தால் அதுவும் பிழை. என் நிறுவனத்தில் யாரும் என்னிடம் குறை காணமாட்டார்கள். அதில் எனக்கு ஒரு ஆறுதலும் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசும் கேட்டிருக்கமாட்டார்கள்; பஸ் காசும், சில பரிசோதனைகளும், கரைக்கு வராத நாட்களின் உழைப்பும் தான் செலவு. அந்தளவுக்கு எடுத்திருந்தால் போதும். மிச்சம் அப்படியே கிடந்திருக்கும்.

என் நானா வேறு மாதிரிச் சொல்வார். "அவ பயந்துட்டா. சல்லியக் காரணமா வச்சிக்கிட்டா. ஏறி இருந்தாலும் போயிருக்க மாட்டா." அப்படியும் இருக்கலாம். எங்கள் உம்மா முகாமிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வரவில்லை. அதைக் கண்டவள் ராத்தா. சிவப்பு எழுத்து அவளைத் தடுத்ததா, பயம் தடுத்ததா என்று இனி எனக்குத் தெரியவராது.

மஹரகமை வார்டில் நானும் அவளும் நீண்ட காலம் இருந்தோம். வலது கை வீங்கி, தலையணை மாதிரி ஆகிவிட்டது. இடது கையில் சேலைன் ஊசி. தலைமுடி போய்விட்டது, அதை மறைத்துத் தொப்பி மாதிரி ஒரு துணியைக் கட்டியிருந்தாள். ஒரு நாள் பின்னேரம், பார்வையாளர் நேரம் முடிந்து வார்டு அமைதியானதும், "போனைத் தா" என்றாள்.

"என்னத்துக்கு?"

"இண்டைக்கு எவ்வளவு எண்டு பார்ப்பம்."

நான் செயலியைத் திறந்து கொடுத்தேன். இரகசிய இலக்கம் கேட்டது. அவளால் கைபேசியைப் பிடிக்க முடியவில்லை.

"நீயே அடி. நான் சொல்றன்."

"வேணாம் ராத்தா. நான் பிடிக்கிறன். நீங்க அடிங்க."

அந்த இடத்திலும் ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. பழக்கம் தான். கைபேசியை அவளுடைய நெஞ்சுக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு, நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். ஊசி குத்திய கையின் பெருவிரலால் அவள் ஒவ்வோர் இலக்கமாக அழுத்தும் சத்தம் கேட்டது. ஒரு தரம் பிழைத்தது. மறுபடியும் அழுத்தினாள்.

"புள்ள, பாரு! பாரு!"

திரும்பிப் பார்த்தேன். எழுத்து பச்சையாக இருந்தது. சந்தை திரும்பி ஏறியிருந்தது. இறங்கியதெல்லாம் வந்து, மேலே இன்னும் கூடியிருந்தது.

ராத்தாவின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. நோயில் வற்றிப்போன அந்த முகத்தில் பல்லும் கண்ணும் மட்டும் தான் இருந்தன. அவ்வளவும் சிரித்தன.

"பாத்தியா? நான் எடுக்கல்ல. அண்டைக்கு எடுத்திருந்தா நட்டம். பொறுத்தன் தானே? நீ சொன்ன மாதிரியே."

நான் அப்படிச் சொல்லவில்லை. பொறுக்கச் சொல்லவில்லை. ஏறும் என்று சொல்லவில்லை. அதை நான் எத்தனை பேருக்குத் திருத்திச் சொல்லியிருக்கிறேன். அவளுக்குத் திருத்திச் சொல்லவில்லை.

"ஓம் ராத்தா. பொறுத்தீங்க."

"சுகமாகி வந்து பக்கத்து வீட்டாக்களோட போகலாம்." கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "எனக்குப் போக நஸீபு இல்லாட்டி, யாரையாவது கொண்டு என்ட பேருல உம்ராவைச் செய்விச்சிரு. அதுக்கு இந்தச் சல்லி காணும் தானே?"

"காணும் ராத்தா."

அதற்குப் பிறகு அவள் கைபேசியைக் கேட்கவில்லை.

இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லி விட்டார்கள். எத்தாளையில், அவளுடைய சின்ன வீட்டில், ஒரு காலை நேரம் மவுத்தானாள். கரையிலிருந்து பெண்கள் மீன் வாசத்தோடு ஓடி வந்தார்கள். அவளுடைய மையித்தைக் குளிப்பாட்டும்போது நானும் நின்றேன். என்னைக் குளிப்பாட்டி வளர்த்த கை அது. கட்டி இருந்த வலது மார்பை நான் தான் கழுவினேன். வேறு யாரையும் தொட விடவில்லை. மூத்த பெண் ஒருத்தி, "மெதுவா ஊத்து மகள்" என்றாள். மெதுவாகத்தான் ஊற்றினேன். இனி நோகாது என்று தெரிந்தும் மெதுவாகத்தான் ஊற்றினேன். தைக்கக் கொடுத்த வெள்ளை அங்கி அலுமாரியில் மடித்தபடி இருந்தது; அவள் ஒரு நாளும் உடுத்தவில்லை.

பிறகு ஒரு நாள் கற்பிட்டிக் கிளைக்குப் போனேன். வேலைக்காக இல்லை. ராத்தாவின் கணக்கைத் திறந்து கொடுத்த அதே பெண்ணின் முன்னால் உட்கார்ந்தேன். மரணச் சான்றிதழ், என் அடையாள அட்டை, எல்லாம் கொடுத்தேன். கைபேசியில் திறந்து எடுத்துக்கொள்ள எனக்கு முடியாது. அவளுடைய இரகசிய இலக்கம் எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் கூடாது. அந்தப் பெண் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னாள். ஆவணங்களைச் சரிபார்த்து அலகுகளை விற்கும் நாளின் விலைக்குத்தான் பணம் வரும். இன்று காட்டும் தொகைக்கு உறுதி இல்லை. பெயர் கொடுக்கப்பட்டவர் பணத்தைப் பெற்றாலும், அது வாரிசுப் பங்குள்ளவர்களுக்கு உரிய பணம்.

"தெரியும் தங்கச்சி" என்றேன்.

"உங்களுக்குத் தெரியும் ராத்தா. ஆனாலும் நான் சொல்லோணுமே." என்னையும் அவள் ராத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

பங்குள்ளவர்கள் நானாவும் நானும் தான். நானா பங்கு கேட்கவில்லை. "அவ சொன்னதைச் செய்" என்றார். பக்கத்து வீட்டுக்காரியும் புருஷனும் ஏற்கெனவே ஒரு தரம் உம்ரா செய்தவர்கள். மௌலவியிடம் கேட்டோம், முன்பு தனக்காகச் செய்தவர் இன்னொருவருக்காகச் செய்யலாம் என்றார். பக்கத்து வீட்டுக்காரி ராத்தாவின் பேரில் செய்வதாக ஒத்துக்கொண்டாள். ராத்தாவின் பணத்தில், ராத்தாவின் இடத்தில், அவள் போனாள்.

மக்காவிலிருந்து அவள் எனக்குக் கோல் எடுத்தபோது நான் கற்பிட்டி பஸ்ஸில் இருந்தேன். வீடியோவில் முதலில் ஆட்களின் முதுகுகள் தான் தெரிந்தன. பிறகு கஃபா தெரிந்தது. "முடிச்சிட்டன் புள்ள, உங்கட ராத்தாட பேரைச் சொல்லி நிய்யத்து வச்சித்தான் செஞ்சன். அழாதீங்க, அல்லாஹ் ஏத்துக்குவான், கபூலாகும்" என்று அவள் அழுதுகொண்டே சொன்னாள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்கள் என் கைபேசியை எட்டிப் பார்த்து, "ஸுப்ஹானல்லாஹ்" என்றார்கள்.

எனக்குச் சந்தோஷம் வர வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு வந்தது கோபம். யார்மீது என்று தெரியாத கோபம். அந்தப் பணத்தில் ஒரு பிடியை உடைத்து அவள் கொழும்புக்குப் பஸ் ஏறியிருக்க வேண்டும். உம்ரா இன்னும் இரண்டு வருஷம் பிந்தியிருக்கட்டும். போகாமலே இருந்திருக்கட்டும். கரையில் குந்தி, உப்புக் கையோடு என்னைப் பார்த்துப் பகிடி பண்ணிக்கொண்டு இருந்திருக்கட்டும். கபூலாகட்டும் என்று பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொன்னேன்.

பஸ் எத்தாளைச் சந்தியில் நின்றது. மத்ரஸா மண்டபத்தில் பெண்கள் பாய் விரித்துக் காத்திருந்தார்கள். முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், ஸலாம் சொல்லி, பையிலிருந்து அந்த வசனங்கள் எழுதிய தாளை எடுத்தேன்.